போருக்குக் காசு: வரியா, பத்திரமா, ரேஷனா, நோட்டா?

போர் வந்தால் அரசாங்கம் காசுக்கு என்ன செய்யும் என்று கேரளத்தில் எங்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும். ஒருத்தர் பணக்காரன் மேல் வரி போடச் சொல்வார், ஒருத்தர் மக்களிடம் கடன் பத்திரம் விற்கச் சொல்வார், அரிசியையும் எண்ணெயையும் ரேஷனில் போட்டால் தானாகச் சரியாகும் என்பார் இன்னொருத்தர், கடைசியாக ஒருத்தர் "நோட்டு அடிக்கிற மிஷின் அவன் கையில்தானே இருக்கு, அடிச்சுட்டுப் போறான்" என்று முடித்துவிடுவார். நான்கு பதிலும் உண்மையில் நடந்தவைதான். எதைத் தேர்ந்தெடுத்தால் யார் தலையில் விழும் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. அதைப் பார்க்க 1939 முதல் 1945 வரையிலான இந்தியாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே நாட்டில், ஏற்றத்தாழ்வான அளவில் செய்து பார்த்தார்கள். அதிலும் எங்கள் ஊர் கொஞ்சம் விசேஷம். சித்தூர் அன்று கொச்சி ராஜ்யம், பக்கத்தில் பாலக்காடு மலபார் ஜில்லா, கிழக்கே கோயம்புத்தூர் ஜில்லா, இரண்டும் மெட்ராஸ் மாகாணம். நடந்து போகிற தூரத்தில் அரிசிச் சட்டமே மாறும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராமத்தில் வருஷத்துக்கு 100 மூட்டை நெல், ஜனங்கள் கையில் 1000 ரூபாய், மூட்டை 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாளத்துக்கு 20 மூட்டை வேண்டும். எந்த வழியில் போனாலும் கிராமத்துக்கு மிஞ்சப் போவது 80 மூட்டைதான், இதை மாற்ற எந்த நிதி மந்திரியாலும் முடியாது. பேரப்பிள்ளைகள் தலையில் கடனை ஏற்றலாம் என்பார்கள், ஆனால் பேரப்பிள்ளை விளைவிக்கப் போகிற நெல்லை இன்றைய சிப்பாய் சாப்பிட முடியாது. வெளிநாட்டிலிருந்து கடனுக்கு நெல் வந்தால்தான் அந்த 80 கூடும்.

வரி என்றால் 200 ரூபாயை வாங்கிக்கொள்கிறார்கள், மீதி 800 ரூபாய்க்கு 80 மூட்டை, விலை அதே 10. பத்திரம் என்றாலும் அப்படியே, ஆனால் 200 ரூபாய் கொடுத்தவர் கையில் ஒரு காகிதம் இருக்கும், பிறகு வட்டியோடு திரும்பி வரும். நோட்டு என்றால் அரசாங்கம் 250 ரூபாய் புதிதாக அடித்துக்கொண்டு சந்தைக்கு வருகிறது. மொத்தம் 1250 ரூபாய் 100 மூட்டையைத் துரத்துகிறது, விலை பன்னிரண்டரை. அரசாங்கத்தின் 250க்கு 20 மூட்டை, ஜனங்களின் 1000க்கு 80 மூட்டை. யாரிடமும் ஒரு காசு வசூலிக்கவில்லை, ஆனால் 20 மூட்டை போய்விட்டது. அடுத்த வருஷம் அந்த 250 ரூபாயும் ஜனங்கள் கையில், அதாவது பெரும்பாலும் நெல் வியாபாரி கையில் இருக்கும், அதனால் அதே 20 மூட்டைக்கு இந்தத் தடவை ஏறக்குறைய 312 ரூபாய் அடிக்க வேண்டிவரும், விலை பதினைந்தரையைத் தாண்டும். நோட்டு அடிப்பதை ஒரு தடவையோடு நிறுத்த முடியாமல் போவது இதனால்தான். ரேஷன் தனியாகக் காசே கொண்டு வராது. விலையைப் பத்தில் கட்டிவைத்து 80 மூட்டையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும், ஜனங்கள் கையில் 200 ரூபாய் செலவழிக்க வழியில்லாமல் மிஞ்சும். அந்த 200 தபாலாபீசுக்குப் போகிறதா, கள்ளச் சந்தைக்குப் போகிறதா என்பதில்தான் ரேஷனின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

இப்போது நிஜக் கதைக்கு வருவோம்.

1939 நவம்பரில் லண்டனும் டெல்லியும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. சமாதான காலத்து ராணுவச் செலவு, அதில் விலை ஏறியதற்கான கூடுதல், இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கு என்று செய்கிற போர்ச் செலவு, இவை இந்தியா கணக்கு. அதற்கு மேல் பிரிட்டனுக்காக இந்தியாவில் வாங்குவதும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற பட்டாளத்தின் பெரும்பகுதியும் பிரிட்டன் கணக்கு. காகிதத்தில் பார்த்தால் ரொம்ப நியாயமான ஏற்பாடு. போர் முடிந்தபோது மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி, சுமார் 1700 கோடி ரூபாய், பிரிட்டன் தரவேண்டியதாக நின்றது. தரவேண்டியது என்று சொல்கிறேனே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, கோயம்புத்தூர் மில் ஒன்றில் பிரிட்டிஷ் ராணுவம் ஆயிரம் ஸ்டெர்லிங் பவுனுக்குக் காக்கித் துணி வாங்குகிறது. அன்றைய மாற்று விலை ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. மில்லுக்கு 13,333 ரூபாய் சேரவேண்டும். இந்திய அரசாங்கம் அதை ரூபாயில் கொடுத்துவிடுகிறது. லண்டனில் பிரிட்டன் ஆயிரம் பவுனை ரிசர்வ் வங்கியின் கணக்கில் எழுதிவிடுகிறது. ரிசர்வ் வங்கி அந்தப் பவுனைக் கொண்டு பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கடன் பத்திரத்தையே வாங்கி வைத்துக்கொள்கிறது, பிறகு அந்தப் பத்திரத்தை ஆதாரமாகக் காட்டி இங்கே 13,333 ரூபாய்க்கு நோட்டு வெளியிடுகிறது. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, நோட்டுக்கு ஆதாரமாக ஐந்தில் இரண்டு பங்காவது தங்கமோ ஸ்டெர்லிங் பத்திரமோ இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. இங்கே முழுசுக்குமே ஸ்டெர்லிங் பத்திரம் இருக்கிறதே! டெல்லியில் நோட்டு அடிக்கிறோம் என்று யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை, கணக்கில் எல்லாம் கெட்டியான சொத்து.

ஆனால் துணி எகிப்துக்குப் போய்விட்டது, அதற்குப் பதிலாக ஒரு மூட்டை அரிசியோ ஒரு யந்திரமோ இந்தியாவுக்குள் வரவில்லை. 13,333 ரூபாய் மட்டும் மில் முதலாளி, தொழிலாளி, பஞ்சு வியாபாரி என்று ஊருக்குள் சுற்ற ஆரம்பித்தது. இதைப் பல்லாயிரம் மடங்காக்கிப் பாருங்கள். போர் தொடங்கியபோது சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் முடிந்தபோது 1100 கோடிக்கு மேல் போயிருந்தது. அதிகாரபூர்வ மொத்த விலைக் குறியீடு 1939 ஆகஸ்டில் 100 என்றால் கடைசியில் 240ஐத் தாண்டியது. நோட்டு ஆறு மடங்கு, விலை ஏன் இரண்டரை மடங்கோடு நின்றது என்று கேட்கலாம். குறியீட்டில் ஏறியது கட்டுப்பாட்டு விலை, கள்ளச் சந்தை விலை இல்லை, இது ஒரு காரணம். இன்னொன்று, வியாபாரிகளும் பெரிய விவசாயிகளும் நோட்டைக் கட்டுக் கட்டாக வீட்டிலேயே வைத்தார்கள், அது சந்தைக்கு வரவில்லை. அந்தப் பணத்தைப் பிடிக்கத்தான் 1946 ஜனவரியில் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார்கள். சுமார் 144 கோடி வெளியே இருந்தது, 135 கோடி ஒழுங்காகத் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போய்விட்டது! (இந்தக் கணக்கைப் பிற்காலத்தில் யாராவது படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு, போகட்டும்.)

உலோகத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. 1940இல் பிரான்ஸ் விழுந்த செய்தி வந்ததும் ஜனங்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயை வாங்கிப் பதுக்கினார்கள், தபாலாபீசில் போட்ட சேமிப்பை எடுக்க வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது, வெள்ளி ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது, தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. 1943இல் வந்த ஓட்டைக் காலணா நிறைய வீட்டில் இன்னும் கிடக்கும், செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தது அது. நாணயத்தில் ஓட்டை விழுந்தால் போர்ச் செலவு எந்த வழியில் போகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நோட்டு அடிக்காமல் வரியிலேயே சமாளித்திருக்க முடியாதா? முயற்சி செய்யாமல் இல்லை. 1940இல் மிகை லாப வரி வந்தது. போருக்கு முந்தைய லாபத்துக்கு மேல் சம்பாதித்தால் அந்த அதிகப்படியில் பாதி சர்க்காருக்கு, அடுத்த வருஷமே மூன்றில் இரண்டு பங்கு, பின்னால் மீதியிலும் ஒரு பகுதியைக் கட்டாய வைப்பாகக் கட்டச் சொன்னார்கள். 1943இல் புகையிலைக்குக் கலால், 1944இல் பாக்கு, காப்பி, தேயிலைக்கு. வெற்றிலைப் பாக்குக்கு வரி என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் வரிக்கு இரண்டு தடை இருந்தது. ஒன்று, வருமான வரி கட்டியவர்கள் அன்றைக்குச் சில லட்சம் பேர்தான், விவசாய வருமானம் மத்திய வருமான வரிக்குள் வரவே வராது. அரிசி விலை ஏறியதில் லாபம் பார்த்த நிலச்சுவான்தாரும் தானிய வியாபாரியும் பெரும்பாலும் வலைக்கு வெளியே. கொச்சியும் திருவிதாங்கூரும் தனி சமஸ்தானங்கள், அங்கே பிரிட்டிஷ் இந்திய வருமான வரிச் சட்டமும் நேராகச் செல்லாது.

இரண்டாவது தடைதான் பெரியது. வரி போட ஜனங்களின் சம்மதம் வேண்டும், சட்டசபையில் ஓட்டு வேண்டும். இந்தியாவைக் கேட்காமல் போரில் இழுத்ததற்காகக் காங்கிரஸ் மந்திரிசபைகள் 1939இலேயே ராஜிநாமா செய்துவிட்டன. 1940 நவம்பரில் கூடுதல் வரிக்கான மசோதாவை மத்திய சட்டசபை தோற்கடித்தது, வைஸ்ராய் தன் தனி அதிகாரத்தால் சான்று கொடுத்து நிறைவேற்றினார். ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு சண்டை. ரிசர்வ் வங்கியின் நோட்டுப் பிரிவு யாருடைய ஓட்டையும் கேட்பதில்லை. வைஸ்ராயின் நிதி உறுப்பினர் ஜெரமி ரெய்ஸ்மன் திறமையில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை, அவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் கை அந்தப் பக்கம்தான் போயிருக்கும்.

இதே வருஷங்களில் பிரிட்டனில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் போர் ஒன்றே, ஆட்சியும் கடைசியில் ஒன்றே. அங்கே 1941இல் சாதாரண வருமான வரி விகிதமே பவுனுக்குப் பத்து ஷில்லிங், அதாவது பாதி. கூலிக்காரர்களும் வரி கட்டினார்கள், அதில் ஒரு பகுதியைப் போருக்குப் பின் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள், அது பொருளாதார அறிஞர் கெயின்ஸ் சொன்ன யோசனையின் சுருக்கப்பட்ட வடிவம். 1940 ஜனவரியிலேயே பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ரேஷனுக்கு வந்தது, உணவு விலையை மானியம் கொடுத்துப் பிடித்துவைத்தார்கள். அங்கே அதிகாரபூர்வ வாழ்க்கைச் செலவு போருக்கு முந்தையதை விட முப்பது சதவிகிதம் போல ஏறி, கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. இங்கே இரண்டரை மடங்கு. பிரிட்டனின் போர்ச் செலவில் ஒரு பகுதி இங்கே விலைவாசியாக வசூலானது என்று சொன்னால் அது கோபத்தில் சொல்கிற வார்த்தை இல்லை, மேலே சொன்ன 13,333 ரூபாய்க் கணக்குத்தான்.

பத்திரத்துக்கு வருவோம். 1940இல் மூன்று சதவிகித ஆறு வருஷப் பாதுகாப்புப் பத்திரம் வந்தது, சின்னத் தொகைக்காரர்களுக்குத் தபாலாபீஸ் சேமிப்புச் சான்றிதழ், 1943இல் தேசிய சேமிப்புப் பத்திரம். வாங்கியவருக்கு என்ன கிடைத்தது என்று போட்டுப் பாருங்கள். 1940இல் நூறு ரூபாய் போட்டால் ஆறு வருஷத்தில் வட்டி 18, கைக்கு வருவது 118. அதற்குள் விலை இரண்டு மடங்காகியிருந்தாலே அந்த 118க்குப் பழைய 59 ரூபாய்ச் சரக்குதான் வரும். விலை அதற்கும் மேலேதான் போயிருந்தது. அந்த நூறு ரூபாய்க்குத் தங்கம் வாங்கி வைத்த அம்மாமார்கள் ஜெயித்தார்கள், தேச பக்தியோ ராஜ பக்தியோ காட்டிப் பத்திரம் வாங்கியவர்கள் வட்டியோடு சேர்த்து நஷ்டப்பட்டார்கள். ரிசர்வ் வங்கியே பின்னால் 1943 முதல் பிரிட்டிஷ், அமெரிக்க அரசாங்கங்களுக்காகச் சந்தையில் தங்கம் விற்று நோட்டை உறிஞ்சியது. ஜனங்கள் காகிதத்தை விடத் தங்கத்தைத்தான் வாங்குவார்கள் என்பதை அதிகாரபூர்வமாக ஒத்துக்கொண்ட மாதிரிதான் அது. எங்கள் பக்கம் இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி 1938இல்தான் மூழ்கியது. அதில் காசு விட்டவனிடம் இரண்டு வருஷம் கழித்து இன்னொரு முத்திரைக் காகிதத்தை நீட்டினால் என்ன சொல்வான்?

பத்திரத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் பேசினால் ஒப்பீடே தப்பாகிவிடும். கிராமத்துக் கணக்கில் பத்திரம் வரி மாதிரி வேலை செய்வது, வாங்குகிறவர் தன் செலவைக் குறைத்து வாங்கும்போது மட்டும்தான். வங்கி வாங்கினால், அதுவும் நாட்டின் மத்திய வங்கி வாங்கினால், யாரும் ஒரு மூட்டை நெல்லையும் விட்டுக்கொடுக்கவில்லை, புதுப் பணம் பிறந்ததுதான் மிச்சம். பெயர் பத்திரம், வேலை நோட்டு. முதல் உலகப் போரில் 1914 நவம்பரில் பிரிட்டன் வெளியிட்ட முதல் போர்க் கடன் அமோகமாக விற்றதாக அறிவித்தார்கள். உண்மையில் பெரும்பகுதி விற்காமல் கிடந்தது, இங்கிலாந்து வங்கி தன் அதிகாரிகள் பெயரில் ரகசியமாக வாங்கி இடைவெளியை அடைத்தது. நூறு வருஷம் கழித்துத்தான் இது எல்லோருக்கும் தெரிந்தது. அதே போரில் ஜெர்மனி வரியை ஒதுக்கிவிட்டு ஒன்பது போர்க் கடன்களை நம்பியது, ஜெயித்தால் தோற்றவன் கட்டுவான் என்ற கணக்கு. தோற்றது, 1923க்குள் அந்தப் பத்திரங்கள் எல்லாம் அடுப்பெரிக்கத்தான் உதவின.

அப்புறம் ரேஷன். எங்கள் பக்கத்தில் அதிகம் பேசவேண்டியது இதுதான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் தங்களுக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய பாதிதான் விளைவித்தன. மீதிக்குப் பர்மா அரிசி கப்பலில் கொச்சிக்கும் ஆலப்புழைக்கும் வரும், பதிலுக்குக் கயிறும் மிளகும் கொப்பரையும் வெளியே போகும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்ததும் கப்பல் நின்றது. கையில் ரூபாய் இருந்தாலும் அரிசி இல்லை. அந்த ரூபாயோ மாதா மாதம் பெருகிக்கொண்டிருந்தது.

இங்கே செய்ததும் வங்காளத்தில் செய்யாததும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியவை. இரண்டு சமஸ்தானங்களும் நகரம், கிராமம் என்று பிரிக்காமல் ஏறக்குறைய முழு ஜனத்தொகைக்கும் ரேஷனைக் கொண்டுவந்தன. ரேஷன் என்றால் கடையில் வரிசை நிற்பது மட்டும் என்று நினைக்கிறோம், அது கடைசிப் படி. முதலில் வீடு வீடாகக் கணக்கெடுத்து அட்டை போட வேண்டும். பிறகு நெல் உள்ளவரிடம் விதைக்கும் சாப்பாட்டுக்கும் விட்டுவிட்டு மீதியைக் கட்டுப்பாட்டு விலைக்குக் கட்டாயமாக எடுக்க வேண்டும், கிடங்கில் சேர்க்க வேண்டும், அங்கிருந்து வாரா வாரம் கடைக்கு அனுப்ப வேண்டும். இதில் கஷ்டமானது நெல் எடுப்பது. நிலச்சுவான்தாரும் தாசில்தாரும் ஒரே திண்ணையில் உட்காருகிற ஊரில் களத்து நெல்லைக் கணக்கெடுப்பது எவ்வளவு சுலபம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எடுக்காமல் அட்டை மட்டும் கொடுத்தால் அது காலிப் பாத்திரம்.

வங்காளத்தில் வரிசை தலைகீழ். போர்த் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்குச் சலுகை விலையில் அரிசி கிடைக்க 1942இலேயே ஏற்பாடு நடந்தது, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று கடலோரத்தில் படகுகளையும் அரிசியையும் அகற்றினார்கள், புதுப் பணத்தோடு ராணுவ ஒப்பந்தக்காரர்கள் சந்தையில் இறங்கினார்கள். கிராமத்துக் கூலிக்காரன் கையில் பழைய கூலி. கல்கத்தாவில் முறையான ரேஷன் தொடங்கியது 1944 ஜனவரி 31. அதற்குள் பட்டினியின் உச்சமே தாண்டிப் போயிருந்தது, மொத்தத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் செத்துப்போனதாக மதிப்பிடுகிறார்கள். நோட்டு அடிப்பது மறைமுக வரி என்று புத்தகத்தில் படிக்கும்போது சாதுவாகத்தான் இருக்கும். அந்த வரியில் பத்து சதவிகிதம் இருபது சதவிகிதம் என்று கிடையாது, நில வருமானமோ சம்பளப்படியோ இல்லாதவனிடம் முழுச் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்ளும்.

இங்கே எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆலப்புழை, சேர்த்தலை கடலோரத்தில் கயிறு ஏற்றுமதி நின்று வேலை போனவர்களுக்கு ரேஷன் அரிசி வாங்கவே காசில்லை, போஷாக்கில்லாமல் நோயில் நிறையப் பேர் போனார்கள். மத்திய தானியக் கமிட்டி 1943இல் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது 16 அவுன்ஸ், தானியம் என்று சிபாரிசு செய்தது, 1946இல் அதுவே 12 அவுன்ஸாகச் சுருங்கியது. கப்பைக்கிழங்கு மலையாள நாட்டில் ஏழை வீட்டுச் சோறாக நிலைத்ததற்கு இந்த வருஷங்களும் ஒரு காரணம். எல்லையிலோ கடத்தல். ஒரு பக்கம் ஒரு விலை, மறுபக்கம் இன்னொரு விலை என்றால் இருட்டில் தலைச்சுமையாக அரிசி நடக்கத்தான் செய்யும், வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக இன்றைக்கும் ரேஷன் அரிசி பிடிபட்ட செய்தி வருகிறதே. ஆனால் தன் தேவையில் பாதி அரிசியை ஒரேயடியாக இழந்த நாட்டில் வங்காளத்தின் அளவுக்குச் சாவு நடக்கவில்லை. கிடைத்தது குறைவு, ஆனால் அது தலைக்கணக்கில் பிரிந்தது. பின்னால் கேரளத்தில் பொது விநியோகம் அத்தனை ஆழமாக வேர் விட்டதற்கு விதை இங்கேதான்.

டெல்லிக்கும் 1943இல் புத்தி வந்தது என்று சொல்லலாம். மிகை லாபத்தில் வணிகன் கையில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாதபடி கட்டாய வைப்பு, ஜூனில் துணி விலைக் கட்டுப்பாடு, தங்க விற்பனை, பெரிய நகரங்களில் ரேஷன், எல்லாம் சேர்ந்து வந்தன. நோட்டு அதற்குப் பிறகும் கூடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் விலைக் குறியீடு 240 பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதாவது நோட்டை மட்டும் தனியாக விட்டபோது விலை ஓடியது, மற்ற மூன்றும் பக்கத்தில் வந்து நின்றபோது அடங்கியது. நான்கில் எது என்ற கேள்விக்கு இந்த ஒரு திருப்பத்தை விடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

லண்டனில் சேர்ந்த அந்தக் கடன்? போர் முடிந்தபோது சுமார் 130 கோடி பவுன். நடுவில் இந்தியா பிரிட்டனுக்குப் பட்டிருந்த பழைய கடனில் பெரும்பகுதி இதில் தீர்ந்துபோனது நிஜமான லாபம், மறுக்க முடியாது. மீதியை ஒரேயடியாக எடுக்க விடவில்லை. 1944இல் அமெரிக்காவில் நடந்த பிரெட்டன் வுட்ஸ் பண மாநாட்டில், கோயம்புத்தூர்க்காரரான சண்முகம் செட்டியாரும் இருந்த இந்தியக் குழு அதில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்ற வழி கேட்டது, அது பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். 1948 ஒப்பந்தத்தில் பிரிட்டன் விட்டுச்சென்ற ராணுவச் சரக்குக்கு 10 கோடி பவுன் பிடித்துக்கொண்டார்கள், பிரிட்டிஷ் அதிகாரிகளின் பென்ஷனுக்கு மொத்தமாக இன்னொரு பெரிய தொகை. 1949 செப்டம்பரில் பவுன் 4.03 டாலரிலிருந்து 2.80க்கு இறங்கியது, மீதியின் டாலர் மதிப்பும் கூடவே இறங்கியது. மிஞ்சியது ஐம்பதுகளில் யந்திரங்கள் வாங்க உதவியது. ஆனால் 1943இல் பட்டினி கிடந்தவனும் 1955இல் அணைக்கட்டின் பலனைப் பார்த்தவனும் ஒரே ஆள் இல்லை.

ஆகவே, தேர்வு என் கையில் இருந்தால் முதலில் ரேஷன், அதுவும் கொள்முதலோடு சேர்ந்த ரேஷன், பணம் பெருகுவதற்கு முன்னாலேயே. இதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்தால் வங்காளம். அதோடு கூடவே, போரால் லாபம் வருகிறவர் மேல் வரி, விவசாய லாபத்தையும் விடாமல். பத்திரத்தைக் கூலிக்காரனிடம் விற்பதானால் வட்டியை விலைவாசியோடு கட்டிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது ஏமாற்று. பணக்காரனுக்குக் கட்டாய வைப்பே போதும், பாட்டும் சுவரொட்டியும் வேண்டாம். நோட்டு இல்லாமல் முடியாது என்பதும் தெரியும். படையெடுப்பு வந்த முதல் சில மாதங்களில் வரி வசூலாகிற வரை யாரும் காத்திருக்க முடியாது. ஆனால் அது வரி வந்து சேர்கிற வரைக்குமான பாலம், அதற்கு மேல் போகக்கூடாது.

வரி போட முடியாத அரசாங்கம் என்ன செய்யும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஜனங்கள் சம்மதிக்காத போருக்கு நோட்டைத் தவிர வேறு வழி அதிகம் கிடைக்காது, 1940இன் டெல்லி அதற்குச் சாட்சி.

இன்றைக்கு ஏதாவது நாட்டின் போர்ச் செய்தி படிக்கும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம். போர்ப் பத்திரம் இத்தனை கோடிக்கு விற்றது என்று தலைப்பு வந்தால் அதை விட்டுவிட்டு யார் வாங்கினார்கள் என்று கீழே தேடுங்கள். வீடுகளும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் வாங்கியிருந்தால் ஒரு கதை, உள்ளூர் வங்கிகள் வாங்கி அதே வாரம் மத்திய வங்கியிடம் அடகு வைத்திருந்தால் வேறு கதை. அப்புறம் அந்த நாட்டின் ரொட்டி விலை, கள்ளச் சந்தையில் டாலர் விலை, சில்லறைக் காசு கடைகளில் கிடைக்கிறதா என்பது. நிதி மந்திரி என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் படித்தால் போதும்.